ஓ.ஆர்.எஸ். கரைப்பதும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பதும்: அம்மாக்கள் கேட்கிற கேள்விகள்

வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். குழந்தைக்குத் தண்ணியாகப் போகிறது என்று வருகிறவர்களை உட்கார வைத்து, ஓ.ஆர்.எஸ். கரைத்துக் காட்டி, அங்கேயே கொடுக்க வைத்து அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழுகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாக்கெட்டைப் பிரிச்சாச்சு சிஸ்டர், ஒரு டம்ளர் தண்ணில கொட்டிக் கலக்கினா போதும்ல?

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மருந்துக் கடையில் இரண்டு அளவில் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டில் சுமார் 21 கிராம் பொடி இருக்கும், அது 1 லிட்டர் தண்ணீருக்கு. சின்னதில் 4 கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அது 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அங்கன்வாடியிலும் எங்களிடமும் கொடுப்பது பெரும்பாலும் பெரிய பாக்கெட். கடையில் சின்னதை வாங்கிப் பழகியவர்கள் இந்தப் பெரிய பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கொட்டிவிடுகிறார்கள். நான் பார்த்ததிலேயே மோசமான தவறு இதுதான்.

1 லிட்டருக்கான பொடியை 200 மில்லியில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். அவ்வளவு கெட்டியான தண்ணீர் குடலுக்குள் போனால், உடம்பிலிருக்கிற தண்ணீரும் குடலுக்குள் இறங்கி பேதி இன்னும் அதிகமாகும். ரத்தத்தில் உப்பு ஏறும். குழந்தைக்கு அடங்காத தாகம் எடுக்கும், காரணமில்லாமல் வீறிட்டு அழும், பிறகு துவண்டு போகும், வலிப்பு வரைக்கும் போகலாம். தெரியாமல் கெட்டியாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மீதியைக் கொட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என்ன அளவில் கலந்தோம், எவ்வளவு குடித்தது என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுகிறார்கள், ஆனால் வைத்தியமே அந்தத் தகவலை வைத்துத்தான் மாறும்.

எதிர்ப்பக்கமும் தவறு உண்டு. சின்னப் பாக்கெட்டை 1 லிட்டரில் போட்டால் அது வெறும் தண்ணீர் மாதிரிதான். குழந்தை குடித்துக்கொண்டே இருக்கும், இழந்த உப்பு மட்டும் திரும்பாது.

வீட்டுல அளவு பாத்திரமே இல்லை, ஒரு லிட்டர்னு எதை வெச்சு அளக்கிறது?

கடையில் விற்கிற 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். காலி பாட்டிலை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து தொடங்கும் இடம் வரைக்கும் தண்ணீர் இருந்தால் சரி. அதுவும் இல்லையென்றால், காலையில் அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டைப் பாத்திரத்தில் ஊற்றும்போது அது எந்த இடம் வரை நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். அதே இடம் வரை இரண்டு தடவை தண்ணீர் பிடித்தால் ஒரு லிட்டர்.

டம்ளரை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை என் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை அளந்து பார்த்தேன். ஒன்று 150 மில்லி பிடித்தது, பக்கத்தில் இருந்தது 240. இரண்டையும் நாங்கள் ‘ஒரு டம்ளர்’ என்றுதான் சொல்வோம். சின்னப் பாக்கெட்டுக்கு 200 மில்லி அளக்க, கோடு போட்ட பழைய பால் பாட்டில் வசதி. கல்யாண மண்டபத்தில் கொடுக்கும் குட்டித் தண்ணீர் பாட்டிலும் சரிதான், ஆனால் அதில் 200, 250, 300 என்று பல அளவு வரும், லேபிளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சோப்பு போட்டுக் கை கழுவி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றி, பாக்கெட்டை முழுசாகக் கொட்டி, மூலைகளைத் தட்டிவிட்டு, அடியில் ஒரு துகள்கூடத் தெரியாமல் தெளியும் வரை கலக்குங்கள். பிறகு ஒரு சொட்டு உங்கள் நாக்கில் வையுங்கள். கண்ணீர் எவ்வளவு கரிக்குமோ அந்த அளவுக்கு மேல் கரிக்கக் கூடாது. கரித்தால் அளவு எங்கோ தப்பியிருக்கிறது, கொட்டிவிட்டு வேறு பாக்கெட் எடுங்கள். பாக்கெட்டுக்குள் பொடி கல்லாக இறுகியோ பழுப்பு நிறமாகவோ இருந்தாலும் வேண்டாம்.

குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப் போகுது? பாதிப் பொடிக்குப் பாதித் தண்ணி ஊத்தினா வீணாகாதே.

கண் அளவில் பாதி என்பது பாதியாக இருக்காது. தவிர, பாக்கெட்டுக்குள் இருப்பது ஒரே பொருளும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றியமைத்த கணக்குப்படி 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். இந்த நான்கும் பாக்கெட்டுக்குள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மேல் பாதியில் ஒன்று கூடவும் கீழ்ப் பாதியில் இன்னொன்று கூடவும் வரலாம். அதனால் முழுசாகக் கரைத்து மூடி வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

கலந்த நேரத்தை பாட்டில் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதி எவ்வளவு இருந்தாலும் சாக்கடைக்குத்தான், ஃபிரிட்ஜில் வைத்திருந்தாலும். வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டால் சின்னப் பாக்கெட்டாக வாங்கி வையுங்கள்.

சூடு பண்ணிக் கொடுக்கலாமா? பால்ல, ஜூஸ்ல கலந்தா குடிப்பானே?

இரண்டும் வேண்டாம். கலந்த பிறகு கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும். பாலிலோ ஜூஸிலோ ஏற்கனவே சர்க்கரையும் உப்பும் இருக்கிறது, அதில் இதையும் போட்டால் கணக்கு போச்சு. ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட வேண்டாம். கேன் தண்ணீரானாலும் மெட்ரோ வாட்டரானாலும் கொதிக்க வைத்து ஆற வைத்துவிடுங்கள், கேன் என்பதற்காக நான் விட்டுக்கொடுப்பதில்லை.

குடிச்ச அடுத்த நிமிஷமே மொத்தத்தையும் வாந்தி எடுத்துடறான். அப்புறம் எப்படிக் கொடுக்கிறது?

இதற்கு ஒரு ராத்திரி நடந்ததை அப்படியே சொல்கிறேன். வியாசர்பாடியில் எங்கள் உறவுக்காரக் குழந்தை, ஒன்றே கால் வயசு, 9 கிலோ. மத்தியானத்திலிருந்து ஏழு தடவை தண்ணியாகப் போயிருந்தது. நான் போனபோது ராத்திரி ஒன்பதரை. ஓ.ஆர்.எஸ். சரியாகத்தான் கரைத்திருந்தார்கள். குழந்தை தாகத்தில் தவித்ததால் பாட்டி டம்ளரை வாயில் வைத்திருக்கிறார், அதுவும் மடக் மடக்கென்று குடித்திருக்கிறது. குடித்து முடித்ததும் பாய் முழுக்க வாந்தி. "மருந்து ஒத்துக்கலைம்மா" என்று பாட்டி டம்ளரைத் தூர வைத்துவிட்டார்.

ஒத்துக்கொள்ளாதது மருந்து இல்லை, வேகம்தான். ஏற்கனவே புண்பட்டிருக்கிற வயிறு ஒரே நேரத்தில் நிறைந்து விரிந்தால் அப்படியே வெளியே தள்ளும். ஒரு டீ ஸ்பூன் என்றால் வயிற்றுக்குத் தெரியவே தெரியாது, தள்ளுவதற்கு முன்பே குடல் பக்கம் இறங்கிவிடும். வாந்தி எடுத்தாலும் எல்லாம் வெளியே வந்துவிடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

வாந்திக்குப் பிறகு பத்து நிமிஷம் எதுவும் கொடுக்காமல் காத்திருந்தோம். 9.40-க்கு குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, 5 மில்லி டீ ஸ்பூனில் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தோம், அப்பா மொபைலில் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். 10.10-க்குள் 15 ஸ்பூன், 75 மில்லி, வாந்தி இல்லை. குழந்தை ஸ்பூனையே பிடித்து இழுத்தது, பாவமாக இருக்கிறதே என்று அம்மா தொடர்ந்து வேகமாகக் கொடுத்தார், 10.20-க்கு மறுபடி வாந்தி. மறுபடி பத்து நிமிஷம் காத்திருப்பு. இந்த முறை மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், 11 மணி வரை 10 ஸ்பூன். நின்றது. 11-இலிருந்து 12 வரை இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று, 30 ஸ்பூன். அதுவும் நின்றதால் 12-க்கு மேல் நிமிஷத்துக்கு ஒன்று, ஒரு மணிக்குள் 60 ஸ்பூன், அதற்குப் பிறகு இன்னும் 20. வாந்தியில் போனதைக் கணக்கில் சேர்க்காமல் 1.20 வரை மொத்தம் 135 ஸ்பூன், 675 மில்லி. நடுவில் தாய்ப்பாலும் குடித்தது. ஒன்றே காலுக்கு மேல் டயபரைத் தொட்டுப் பார்த்தபோது கனமாக, சூடாக இருந்தது. ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகு வந்த மூத்திரம். பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவினார்.

அந்த 675 சும்மா வந்த எண் இல்லை. நீர் வறட்சி கொஞ்சம் தெரிகிற குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும், 9 கிலோவுக்கு 675. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: அப்படி வறட்சி தெரிகிற குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, சுகாதார நிலையத்தில் எங்கள் கண் முன்னால் கொடுக்க வேண்டும். அன்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், குழந்தை நல்ல விழிப்போடு ஆசையாகக் குடித்தது, வாசலில் ஆட்டோ நின்றது. அதனால்தான் வீட்டில் முயன்றோம்.

வறட்சி ஒண்ணும் தெரியலை, பேதி மட்டும்தான். அப்ப எவ்வளவு கொடுக்கணும்?

ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும் இரண்டு வயசுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. இதையும் ஒரே மடக்கில் இல்லை, பத்து இருபது நிமிஷத்தில் ஸ்பூன் ஸ்பூனாகவோ வாய் வாயாகவோ. பாலாடை வைத்திருப்பவர்கள் அதிலேயே கொடுக்கலாம், சின்னக் குழந்தைக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் உங்கள் பாலாடை எவ்வளவு பிடிக்கிறது என்று டானிக் மூடியால் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். ஃபீடிங் பாட்டில் மட்டும் வேண்டாம். கழுவுவது கஷ்டம், மடமடவென்று இறங்கியும் விடும்.

கொடுத்துக்கொண்டே வரும்போது கண் இமை உப்பினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்திவிட்டு தாய்ப்பாலும் வெறும் தண்ணீரும் கொடுங்கள், அளவு கூடிவிட்டதற்கு அது அடையாளம். எங்களிடம் ஒருமுறை காட்டியும் விடுங்கள்.

வாயிலயே வைக்க மாட்டேங்குது, துப்புது. என்ன பண்றது?

வறட்சி இல்லாத குழந்தைக்கு இது வெறும் உப்புத் தண்ணீர், துப்பத்தான் செய்யும். வறட்சி இருக்கிற குழந்தைதான் அமிர்தம் மாதிரிக் குடிக்கும். அதனால் நேற்று ஆசையாகக் குடித்தது இன்று துப்பினால், முகம் தெளிந்து விளையாடிக்கொண்டும் இருந்தால், சந்தோஷப்படுங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாகக் கொடுத்தால் சில குழந்தைகள் ஏற்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடலாம், தொண்டைக்கு நேராகப் பீச்ச வேண்டாம், புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றுவதும், படுத்த நிலையில் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

துப்புவது வேறு, குடிக்க முடியாமல் வாயோரம் வழிய விடுவது வேறு. இரண்டாவதாக இருந்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ராத்திரி தூங்கிட்டா எழுப்பிக் கொடுக்கணுமா?

நன்றாகக் குடித்து, மூத்திரம் போய், நிம்மதியாகத் தூங்குகிற குழந்தையை நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டாம். பேதி போய் டயபர் மாற்றும்போது விழித்தால் அப்போது கொடுங்கள். தூங்குகிறதா, மயக்கமா என்று சந்தேகம் வந்தால் மட்டும் எழுப்பிப் பாருங்கள். சிணுங்கி அழுதால் தூக்கம். தட்டியும் கண் திறக்கவில்லை, திறந்தும் உங்களைப் பார்க்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரெண்டு நாளா கொடுக்கிறோம், பேதி நிக்கவே இல்லையே. இது வேலை செய்யுதா இல்லையா?

பேதியை நிறுத்துவது இதன் வேலையே இல்லை. போகிற தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதுதான் இதன் வேலை. பேதி தானாக அடங்க சில நாள் பிடிக்கும், அதுவரைக்கும் குழந்தையைக் காய விடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே விடுகிற ஒரு வழி மட்டும் திறந்தே இருக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீருக்கு அந்த வழி அந்த அளவுக்குத் திறக்காது. அதனால்தான் அளவு இவ்வளவு முக்கியம்.

அதனால் மலத்தை எண்ணுவதைவிட மூத்திரத்தை எண்ணுங்கள். பேதியை நிறுத்த பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். கூடவே ஜிங்க் மாத்திரை தருவோம்: ஆறு மாசத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாசத்துக்குள் 10 மில்லிகிராம். அதை ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுத்து, பேதி நின்றாலும் 14 நாள் முடியுங்கள். மூன்றாம் நாளோடு அட்டையை எடுத்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

டிரிப்ஸ் ஏத்தினா சீக்கிரம் சரியாகுமே, ஏன் சிஸ்டர் ஸ்பூனைக் கையில கொடுக்கிறீங்க?

குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசி குத்த வேண்டியதில்லை. 1971-இல் வங்கதேசப் போர் நேரத்தில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. காலராவுக்கே அது போதுமானதாக இருந்தது. டிரிப்ஸ் யாருக்கு வேண்டும் என்றால், மயங்கிக் கிடக்கிற, குடிக்கவே முடியாத, எது கொடுத்தாலும் வாந்தி எடுக்கிற குழந்தைக்கு.

கடையில அட்டை டப்பால வர்ற ஜூஸ் மாதிரி இருக்கே, அதைக் கொடுக்கலாமா? இளநீர்? குளுக்கோஸ் பவுடர்?

பழச்சுவை, சர்க்கரை எல்லாம் போட்டு, பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று வைத்துக்கொண்டு வந்த பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. சர்க்கரை அதிகமான பானம் பேதியை அதிகமாக்கும். மருந்துக் கடையில் கேட்கும்போது ‘உலக சுகாதார நிறுவன ஃபார்முலா’ என்று அச்சிட்ட பொடியைக் கேட்டு வாங்குங்கள். குளுக்கோஸ் பவுடரில் உப்பு போதாது. இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, சோடியம் குறைவு. நடுவில் இரண்டு வாய் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக இல்லை.

நடுராத்திரி, மழை, கடை மூடியிருக்கிறது என்றால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீ ஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீ ஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை, அதனால் விடியும் வரைதான். உப்பு அளவில் சந்தேகம் வந்தால் இதைச் செய்யவே வேண்டாம், கொஞ்சம் உப்பு போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரே மேல்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம் என்று வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

பக்கத்து வீட்டுல தொக்கம் எடுக்கச் சொல்றாங்க. உச்சிக்குழி வேற உள்ள போயிருக்கு.

உச்சிக்குழி உள்ளே போவது உடம்பில் தண்ணீர் வற்றியதால். தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் இன்னும் வற்றும், தொண்டைக்குள் விரலை விட்டால் புண்ணாகும். பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், குழந்தையை மடியில் பிடித்துக்கொள்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். எங்கள் சென்டரில் அதிக நேரம் பொறுமையாக ஸ்பூன் கொடுப்பது எப்போதும் பாட்டிகள்தான்.

உச்சிக்குழி இறங்கியது, கண் உள்ளே போனது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாதது, இதில் எது இருந்தாலும் ஸ்பூனைக் கொடுத்துக்கொண்டே புறப்படுங்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள், உடனே சமமாக வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் தாமதிக்க நேரமில்லை. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், இரண்டு மாசத்துக்குக் கீழான குழந்தை என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது. பக்கத்து சுகாதார நிலையமோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோ எது சீக்கிரம் போக முடியுமோ அங்கே. கரைத்த பாட்டிலையும் பிரித்த பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், எவ்வளவு தண்ணீரில் எது கரைந்தது என்று அதைப் பார்த்தே எங்களுக்குப் புரிந்துவிடும்.